படத்தில் இருக்கும் கயிறு எது, முடிச்சு எது?

புகைப்படத்தில் உள்ள கயிறு எதனால் ஆனது என்பதை அறிய, நிறத்தை விட அதன் விளிம்பை நம்பலாம். சாயம் போட்ட சணலும் உண்டு, சணல் நிறத்தில் பிளாஸ்டிக் கயிறும் உண்டு. ஆனால் நாரின் முனைகள் வெளியே நீட்டும் விதத்தை மாற்றுவது கடினம். தேங்காய் நார் குட்டையானது. ஓர் அடிக்கு மேல் போவது அரிது. அதனால் கயிறு நெடுகிலும் முனைகள் விறைப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சணலில் இருப்பது மெல்லிய பிசிறு. அது முறுக்கோடு ஒட்டிப் படிந்திருக்கும், புரிகளின் மேல் லேசான மினுமினுப்பும் தெரியும்.

செயற்கைக் கயிற்றின் இழை பெரும்பாலும் முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓடுவதால் விளிம்பு வழவழப்பாக இருக்கும். வெட்டிய நுனி தீயில் உருகிக் கெட்டியான குமிழாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய கயிற்றில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். வெயிலில் கிடந்து இழை உடைந்த பிளாஸ்டிக் கயிறு, தேங்காய்நார்க் கயிறு போலவே சிலிர்த்து நிற்கும். அப்போது புரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்; வெயில் படாத அங்கே பழைய நிறம் மிச்சமிருக்கும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். படகில் கட்டிய நீலக் கயிறு, அதன் தொய்ந்த பகுதி நீர்ப்பரப்பில் மிதக்கிறது. பலரும் இதை நைலான் என்றே சொல்வார்கள். ஆனால் நைலானின் அடர்த்தி ஏறத்தாழ 1.14, அது தண்ணீரில் மூழ்கும். மிதப்பது பாலிபுரொப்பிலீன் (0.91) அல்லது பாலிஎத்திலீன். கடைகளில் நைலான் என்ற பெயரில் விற்கும் கயிறுகளில் பல இந்த வகையே. நைலானா பாலியஸ்டரா என்ற கேள்விக்கு மட்டும் படம் பதில் தராது. இரண்டும் மூழ்கும், இரண்டும் பளபளக்கும்; கயிறு கையில் இருந்தால்தான் சோதிக்க முடியும்.

அதே படத்தில் இரண்டு கயிறுகள் முடிச்சிட்டு இணைக்கப்பட்டிருக்கின்றன. அது ரீஃப் முடிச்சா, அதைத் தவறாகப் போட்டதால் வந்த கிரானி முடிச்சா? இரண்டிலும் இரு வளையங்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். ஒரு கயிற்றின் நீண்ட பகுதியும் குட்டை நுனியும் மற்றதன் வளையத்திலிருந்து சேர்ந்தே மேலாகவோ, சேர்ந்தே கீழாகவோ வந்தால் ரீஃப். நுனி கயிற்றை ஒட்டி இணையாகக் கிடக்கும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தால் கிரானி; நுனிகள் குறுக்கே முறுக்கிக்கொண்டு நிற்கும். எளிதில் நழுவுவது இதுதான். கண்ணாடியில் தெரிவதுபோல் படம் இடவலமாகத் திரும்பியிருந்தாலும் இந்த அடையாளம் மாறாது. புரிகள் முறுக்கப்பட்ட திசையைத்தான் அப்படிப்பட்ட படத்தில் நம்பக் கூடாது.

இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. ரீஃப் போலவே தெரியும் முடிச்சில் குட்டை நுனிகள் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று இந்தப் பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் இருந்தால் அது திருடன் முடிச்சு என்ற வேறு வகை; அதுவும் எளிதில் நழுவும். ஒரு நுனி படத்துக்கு வெளியே போய்விட்டாலோ முடிச்சின் பின்னால் மறைந்தாலோ, எந்த முடிச்சு என்று உறுதியாகச் சொல்லாமல் விடுவதே சரி.