விளம்பர பேட்டுக்கு வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்?

விளையாட்டுப் பொருள் கடைகளின் விளம்பரங்களில் ஒரே மாதிரியான படம் அடிக்கடி கண்ணில் படும். கருப்புப் பின்னணியில் ஒரு கிரிக்கெட் பேட் நிற்கும். அதன் முகத்தில் மரத்தின் கோடுகள் தெளிவாகத் தெரியும். அடியில் புழுதி பறக்கும், பின்னால் மைதான விளக்கு பளீரென்று எரியும். எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அதில் பெரும்பகுதியைக் கடையின் மொட்டைமாடியிலேயே எடுத்துவிடலாம். இரண்டு சிறிய ஃபிளாஷ் விளக்குகளும், ஒரு முக்காலியும், கருப்புத் துணியும், கொஞ்சம் முல்தானி மட்டியும் இருந்தால் போதும். விளக்கை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். பேட்டின் முகத்தில் நீளவாக்கில் ஓடும் கோடுகளை ஆட்டக்காரர்கள் 'கிரெயின்ஸ்' என்பார்கள். வில்லோ மரம் ஆண்டுக்கு ஒரு வளையமாக வளரும். அந்த வளையங்களைத்தான் நாம் கோடுகளாகப் பார்க்கிறோம். பேட் வாங்க வருகிறவர் முதலில் எண்ணுவதும் அதைத்தான். ஆகவே விளம்பரத்தில் கோடு மங்கினால் கடைக்காரருக்கு நஷ்டம். கேமராவின் மேலேயே இருக்கும் ஃபிளாஷை அடித்தால் அது நிச்சயம் மங்கும். பேட்டின் முகத்தை வழவழவென்று தேய்த்திருப்பார்கள். பல பேட்டுகளில் அதன் மேல் ஒளிபுகும் பாதுகாப்பு ஷீட் வேறு ஒட்டியிருக்கும். நேர் எதிரிலிருந்து விழும் வெளிச்சம் அதில் பட்டு அப்படியே கேமராவுக்குத் திரும்பும். படத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று விழும், அதற்குக் கீழே இருக்கும் மரம் காணாமல் போகும்.

அதனால் விளக்கைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போக வேண்டும். பேட்டின் முகத்தோடு இருபது, முப்பது டிகிரிக்குள் உரசிக்கொண்டு போகிற மாதிரி வெளிச்சம் விழட்டும். அப்போது மினுமினுப்பு கேமராவுக்கு வராமல் மறுபக்கம் போய்விடும். மீதம் நிற்பது மரத்தின் சொந்த நிறமும் கோடுகளும் மட்டுமே. பழகிய பேட்டாக இருந்தால் பந்து பட்ட சிறு பள்ளங்களுக்குக்கூட நிழல் விழும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோலை நிறுத்தினால் பேட்டின் இருண்ட ஓரமும் கொஞ்சம் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் ஷீட் மினுங்கினால், ஷீட் ஒட்டாத பேட்டைக் கேட்டு வாங்கி எடுப்பது நல்லது.

அடுத்தது புழுதி. இதற்கு விதி நேர் எதிரானது. ஓட்டு வீட்டில் கூரைப் பொத்தல் வழியாக வெயில் இறங்கும்போது தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் அதே தூசி அவ்வளவாகத் தெரியாது. நுண்ணிய துகள் தன் மேல் படும் ஒளியைப் பின்னோக்கித் திருப்புவதைவிட, ஒளி போகிற திசையிலேயே அதிகமாகச் சிதறடிக்கும். எனவே இரண்டாவது விளக்கு பேட்டுக்குப் பின்னால், கேமராவைப் பார்த்தபடி, கொஞ்சம் உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கும் பின்னால் கருப்புத் துணி. பின்னணி வெளுப்பாக இருந்தால் எவ்வளவு தூவினாலும் புழுதி கண்ணில் நிற்காது.

தூவுவதற்கு முல்தானி மட்டி நல்லது. சினிமாவில் புழுதி கிளப்பவும் இந்த வகை மண்ணைத்தான் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். இலேசாக இருப்பதால் காற்றில் நின்று இறங்கும், நிறமும் ஆடுகள மண்ணைப் போலிருக்கும். எதுவானாலும் மூக்குக்கு மாஸ்க் அவசியம். மைதா, சோளமாவு பக்கம் மட்டும் போகவே கூடாது. காற்றில் பரவிய மாவு ஒரு சூடான விளக்கிலேயே தீப்பிடிக்கும். தைவானில் ஒரு நீர்ப் பூங்காவில் 2015 ஜூனில் நடந்த கொண்டாட்டத்தில் வண்ணச் சோளமாவைப் பீய்ச்சியபோது அது தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தீக்காயம்.

இப்போது எடுக்கும் வரிசை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புழுதியையும் மரத்தையும் ஒரே கிளிக்கில் பிடிக்கப் பார்த்தால், பேட்டுக்கு முன்னால் மிதக்கும் தூசி மரத்தின் மேல் சாம்பல் நிறத்தைப் பூசிவிடும். பேட்டைச் சாய்த்து நிறுத்தி, கேமராவை முக்காலியில் இறுக்கிய பிறகு, புழுதியே இல்லாமல் பக்க விளக்கை மட்டும் எரித்து முதல் படத்தை எடுக்க வேண்டும். மரம் அதில் முடிந்தது. பிறகு பக்க விளக்கை அணைத்துப் பின் விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு, உதவியாளர் பேட்டுக்குப் பின்னாலும் அடியிலும் ஒரு கைப்பிடி மண்ணை விசிற, இருபது முப்பது படங்கள் எடுக்கலாம். அதில் ஒன்றிரண்டுதான் தேறும். கம்ப்யூட்டரில் புழுதிப் படத்தை மரப் படத்தின் மேல் வைத்து, கலக்கும் முறையை Screen என்று மாற்றினால் கருப்பு மறைந்து தூசி மட்டும் நிற்கும். இடையில் யாராவது முக்காலியில் இடித்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பறக்கும் மண்ணை உறைய வைப்பது ஷட்டர் வேகம் என்று எண்ண வேண்டாம். இருட்டில் எடுக்கும்போது அந்த வேலையைச் செய்வது ஃபிளாஷ்தான். கையடக்க ஃபிளாஷை முழு சக்தியில் வைக்காமல் எட்டில் ஒரு பங்குக்குக் குறைத்தால் அது மின்னும் நேரமும் சுருங்கும்; மண் துகள் கோடாக இழுபடாமல் புள்ளியாக நிற்கும்.

மைதான விளக்குக்கும் அதே பின் விளக்கு போதும். அதைப் படத்தின் ஓரத்தில் தெரிய விட்டு, லென்ஸின் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கினால் விளக்கிலிருந்து நட்சத்திரக் கதிர்கள் விரியும். சுற்றிலும் புகைமூட்டமான ஒளி வேண்டுமென்றால் சாம்பிராணி போடுங்கள், செலவும் குறைவு. அந்த ஒளியைப் பலர் மஞ்சளாக்குகிறார்கள். இன்றைய மைதானங்களின் எல்.இ.டி. விளக்கு கிட்டத்தட்டப் பகல் வெள்ளைதான் என்றாலும், விளம்பரத்துக்கு அந்த அளவு கற்பனையை அனுமதிக்கலாம். படத்தில் பந்து வைப்பதானால் கவனம் வேண்டும். விளக்கொளியில் ஆடும் ஒருநாள் ஆட்டத்துக்கு வெள்ளைப் பந்து, பகலிரவு டெஸ்டுக்கு இளஞ்சிவப்பு. இரவுப் பின்னணியில் சிவப்புப் பந்தை வைத்தால் ஆட்டம் தெரிந்தவன் சிரிப்பான்.

மஞ்சளை மொத்தப் படத்துக்கும் பூசுவதில்தான் எனக்கு ஆட்சேபம். மஞ்சள் தாளைப் பின் விளக்கின் மேல் மட்டும் கட்ட வேண்டும். மரத்தின் மேல் விழும் விளக்கு வெள்ளையாகவே இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. இங்கிலீஷ் வில்லோ வெளிறிய நிறம். காஷ்மீர் வில்லோ பொதுவாகச் சற்றுப் பழுப்பு, எடையும் பெரும்பாலும் கூடுதல். விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். படம் முழுவதும் மஞ்சளானால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். காஷ்மீர் பேட்டை வெளுக்கச் செய்து காட்டுவது இன்னும் மோசம். ஓர் உயர்ந்த பேட்டின் நேரான கோடுகளைக் காட்டி, 'பேட்டுகள் ஆயிரம் ரூபாய் முதல்' என்று கீழே எழுதுவதும் அதே ரகம்தான். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

எந்த பேட்டை விற்கிறீர்களோ அதையே எடுங்கள். அது எந்த வில்லோ, என்ன விலை என்பதையும் படத்திலேயே எழுதிவிடுங்கள். வாங்குகிறவர்களும் புழுதியையும் விளக்கையும் ரசித்துவிட்டு, கடைக்குப் போனதும் பேட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கோடுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.