முதல் மாதத்துக்கு 12 வீடியோ

சிவகிரி ஏலத்தில் எள் எடுத்து, வாகை மரச் செக்கில் ஆட்டி, சொந்தப் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விற்பது நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கையில் ஒரு செல்போன் உண்டு. விளம்பரத்துக்கென்று தனியாகப் பணம் கிடையாது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் இவர்கள் என்ன போடலாம்?

பலரும் முதல் நாளே போடுவது ‘அறிமுகச் சலுகை, 20 சதவீதம் தள்ளுபடி’ என்ற வீடியோவைத்தான். சில நூறு பேர் பார்ப்பார்கள். நாலைந்து உறவினர்கள் லைக் போடுவார்கள். ஆர்டர் வராது. மறுவாரம் தள்ளுபடியை 30 சதவீதமாக்குவார்கள்; அதற்கும் வராது. பொருளில் குறை இருந்திருக்காது. பெயரே தெரியாத ஒரு எண்ணெய்க்கு என்ன விலை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அப்படியிருக்க, அதில் எவ்வளவு குறைத்தாலும் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வீடியோ எங்கே போய்ச் சேருகிறது?

2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த சில மாதங்களுக்குள் ரீல்ஸும் ஷார்ட்ஸும் இங்கே வந்துவிட்டன. இரண்டுக்கும் ஒரே குணம்: நம்மைப் பின்தொடராதவர்களிடமும் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டும். புது பிராண்டுக்குப் பின்தொடர்பவர்களே குறைவு என்பதால், பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நம்மை முதன்முறையாகப் பார்ப்பவர்கள். நாம் போட்ட வரிசையிலும் அவர்கள் பார்ப்பதில்லை. நான்காவது வாரம் போட்டது ஒருவருக்கு முதலில் வரும். முதல் வாரம் போட்டது இன்னொருவருக்குப் பத்து நாள் கழித்து வரும். ஆகவே ‘பாகம் 2’ என்று தொடர் போடுவது புதியவர்களுக்கு உதவாது. ஒவ்வொரு வீடியோவும் தனியாகப் பார்த்தாலே புரிய வேண்டும்.

வரிசையே இல்லையென்றால் ஒரு மாதத் திட்டம் எதற்கு? ஒரு வீடியோ பிடித்துப்போனவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெயரைத் தொட்டு நம் பக்கத்துக்குள் வருகிறார். அங்கே கட்டம் கட்டமாக இருப்பதைச் சில நொடிகளில் கண்ணால் மேய்கிறார். எல்லாக் கட்டத்திலும் ‘ஆஃபர்’ என்றிருந்தால் இது தேங்கிய சரக்கு என்று நினைப்பார். எல்லாம் வயலும் செக்கும் மாடுமாக இருந்தால் ரசித்துவிட்டுப் போய்விடுவார். என்ன விலை, எப்படி வாங்குவது என்பது அவருக்குத் தெரியாமலே போகும். பொருள், கதை, சலுகை மூன்றையும் கலந்து வைப்பது இந்த மனிதருக்காகத்தான். மாதக் கடைசியில் நம் பக்கத்தைத் திறக்கிறவர் கண்ணில் மூன்றும் ஒருசேரப் பட வேண்டும். திட்டத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

கணக்கு

வாரத்துக்கு 3 வீடியோ வீதம் 4 வாரத்துக்கு 12. கடையையும் கவனித்துக்கொண்டு ஒரு குடும்பத்தால் தொடர்ந்து செய்ய முடிகிற அளவு இதுதான். தினமும் ஒன்று என்று தொடங்குகிறவர்கள் இரண்டாவது வாரத்திலேயே மூச்சு வாங்கி, பண்டிகை வாழ்த்துப் படம் போடும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்தப் பன்னிரண்டில் 4 பொருளுக்கு, 4 கதைக்கு, 2 சலுகைக்கு. மீதி 2 கட்டங்களைக் காலியாக விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் கமெண்டிலும் வாட்ஸ்அப்பிலும் மக்கள் கேட்கிற கேள்விகள் அந்த இடத்தை நிரப்பும். நாம் நினைத்தே பார்க்காத கேள்விதான் பெரும்பாலும் அதிகம் பேர் மனத்தில் இருப்பது.

பொருள் வீடியோ என்றால் பாட்டிலைச் சுழற்றிக் காட்டுவது என்று பொருளல்ல. வாங்கப்போகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விக்கு ஒன்றாகப் பதில் சொல்ல வேண்டும். நம் எண்ணெய்க்கு அந்த நான்கு கேள்விகள் இவை: கடையில் வாங்குவதைவிட இது ஏன் விலை அதிகம்? பாட்டிலின் அடியில் ஏன் கசடு நிற்கிறது? எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்? எதற்கு நல்லெண்ணெய், எதற்குக் கடலை எண்ணெய்?

இரண்டாவது கேள்வியை 30 நொடியில் எடுப்பதைப் பார்ப்போம். முதல் 3 நொடி: ஒரு கை பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்க்கிறது, அடியில் நின்ற கசடு புகைபோல எழுகிறது, திரையில் ‘எண்ணெய் கெட்டுப்போச்சா?’ என்ற எழுத்து. வணக்கமும் பிராண்டு பெயரும் இங்கே வேண்டாம். கட்டைவிரல் அதற்குள் தள்ளிவிட்டுப் போய்விடும். அடுத்த 10 நொடி: செக்கிலிருந்து எண்ணெய் கலங்கலாக இறங்குவது, அதை அகலமான பாத்திரத்தில் ஊற்றித் தெளிய வைப்பது. ‘மில்லில் சுத்திகரிப்பதுபோல நாங்கள் செய்வதில்லை. தெளிய வைத்து மேலாக எடுக்கிறோம். அதையும் மீறி வருகிற நைசான எள் துகள்தான் இது’ என்று குரல் சொல்கிறது. அடுத்த 10 நொடி: தெளிந்த எண்ணெயை மேலாக ஊற்றி, கசடு மட்டும் அடியில் நிற்பதைக் காட்டுகிறோம். ‘சிக்கு வாசம் வந்தால்தான் கெட்டுவிட்டது என்று அர்த்தம்; அப்படி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.’ கடைசி 7 நொடி: பாட்டில், லிட்டர் விலை, வாட்ஸ்அப் எண். விலையைச் சொல்லாமல் ‘இன்பாக்ஸ் பண்ணுங்க’ என்பது வாங்குகிறவருக்கு எரிச்சல். விலையைத் திரையிலேயே காட்டிவிடுங்கள்.

கதை வீடியோ குடும்பப் பெருமை பேசும் இடம் அல்ல. இந்த எண்ணெய் யார் கையால், என்ன கஷ்டத்தில் வருகிறது என்பதை ஒரே ஒரு செயலின் வழியாகக் காட்டுங்கள். ஏலத்தில் எள்ளைக் கையில் தேய்த்துப் பார்த்து ஒரு மூட்டையை வேண்டாம் என்று தள்ளுவது ஒன்று. ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்கும் பக்குவம் இன்னொன்று. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எள்ளைத் தராசில் நிறுத்திக் காட்டுவது மூன்றாவது. இதைப் பார்த்தவர் பிறகு விலையைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார். நான்காவது, புண்ணாக்கு எங்கே போகிறது என்பது.

இங்கேதான் சறுக்கலும் நடக்கிறது. கதை சொல்லும் வேகத்தில் ‘சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும்’ என்று சொல்லிவிடுவார்கள். உணவுப் பொருள் விளம்பரத்துக்கு 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, நோயைத் தீர்க்கும் என்று உணவை விளம்பரம் செய்யக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. வாசனையைப் பற்றியும் செய்முறையைப் பற்றியும் பேசினாலே போதும். சினிமாப் பாட்டும் அப்படியே. தனி ஆளின் கணக்கில் கிடைக்கிற பாட்டு, வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமம் பெற்றதல்ல. செக்கின் கிறீச் சத்தமே நல்ல பின்னணி.

சலுகை கடைசியில்

சலுகை இரண்டும் மூன்றாம் வாரக் கடைசியிலும் நான்காம் வாரத்திலும் வரட்டும். அதற்குள் பக்கத்தில் ஏழெட்டு வீடியோ இருக்கும். சலுகையைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவருக்கு, பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள அவை உதவும். இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவுகளைப் பக்கத்தின் மேலே நிறுத்தி வைக்கலாம்; ஒரு பொருள் வீடியோ, ஒரு கதை, நடப்பில் இருக்கும் சலுகை என்று வைத்துவிடுங்கள்.

எந்தச் சலுகை? ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். லிட்டர் 450 ரூபாய். எள், செக்குக் கூலி, பாட்டில், லேபிள் எல்லாம் சேர்ந்து 330. மிச்சம் 120. கூரியர் செலவை வாங்குகிறவர் தருகிறார். இதில் 20 சதவீதம் தள்ளினால் 90 ரூபாய் போய், கையில் நிற்பது 30. அதோடு போகாது. முதன்முறை 360-க்கு வாங்கியவர் மனத்தில் இந்த எண்ணெயின் விலை 360 என்றே பதிந்துவிடும். அடுத்த மாதம் 450 என்றால் ‘ஏற்றிவிட்டார்கள்’ என்பார். விலையைத் தொடாமல், ‘இரண்டு லிட்டர் எடுத்தால் கூரியர் இலவசம்’ என்று வைத்துப் பாருங்கள். இரண்டுக்கு மிச்சம் 240. கூரியர் 90 என்று வைத்தாலும் 150 நிற்கும். தலைக்குளியலுக்கு நல்லெண்ணெய், முறுக்குக்குக் கடலை எண்ணெய் என்று தீபாவளிக்கு இரண்டுமே வேண்டியவை. ஜோடியாக விற்பது இயல்பாகவும் இருக்கும்.

தேதியை மறக்க வேண்டாம். பண்டிகைக்கு முந்தைய வாரம் கூரியர் நெரிசலில் பார்சல்கள் தாமதமாகும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ஆர்டரை முடித்துக்கொள்கிற மாதிரி கடைசித் தேதியை வீடியோவிலேயே எழுதிவிடுங்கள். எண்ணெய் தீபாவளிக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தால், அந்த வாடிக்கையாளர் அதோடு போனவர்தான்.

படம்பிடிப்பதும் பார்ப்பதும்

12 வீடியோவுக்கு 12 நாள் படம்பிடிக்கத் தேவையில்லை. செக்கில் ஒரு நாள், சமையலறையில் ஒரு நாள் போதும். போனை நெட்டாகப் பிடித்து, ஒவ்வொரு செயலையும் தூரத்திலிருந்து ஒருமுறை, கிட்டத்தில் ஒருமுறை எடுங்கள். செக்கடியில் பேசினால் குரல் கேட்காது. பேச்சை வீட்டுக்குள் தனியாகப் பதிந்து ஒட்டிக்கொள்ளலாம். சத்தம் வைக்காமல் பார்ப்பவர்களுக்காகத் தமிழில் எழுத்து போடுங்கள். அந்த எழுத்து திரையின் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் வர வேண்டாம். செயலியின் பொத்தான்கள் அதை மறைத்துவிடும்.

வாரம் ஒருமுறை கணக்கைப் பாருங்கள். ‘வியூஸ்’ எத்தனை என்பதில் மயங்க வேண்டாம். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதற்குத் தங்கள் வரிசைப்படுத்தலில் முக்கிய இடம் உண்டு என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். முதல் மூன்று நொடியிலேயே கூட்டம் கலைந்தால் தொடக்கக் காட்சியில் கோளாறு. அதே விஷயத்தை வேறு தொடக்கம் வைத்து மறுபடி போடலாம். கடைசிவரை பார்க்கிறார்கள், ஆனால் ஒருவரும் விசாரிக்கவில்லை என்றால் கதையில் பொருள் காணாமல் போயிருக்கிறது. விசாரிக்கிறார்கள், வாங்கவில்லை என்றால் விலை, கூரியர், பதில் சொல்லும் வேகம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதை இன்னொரு வீடியோ சரிசெய்யாது. எந்த வீடியோ ஆர்டர் கொண்டுவந்தது என்று அறிய, வாட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொருவரிடமும் ‘எதைப் பார்த்துட்டு வந்தீங்க?’ என்று கேட்டு ஒரு நோட்டில் குறியுங்கள்.

முதல் மாதத்தில் நூறு ஆர்டர் வராமல் போகலாம். ஆனால் மாதம் முடியும்போது கையில் அந்த நோட்டு இருக்கும். அடுத்த மாதத்தின் 12 வீடியோவை அதை வைத்துத் திட்டமிடுங்கள். தள்ளுபடியை இன்னும் ஏற்றுவதற்கு முன், மக்கள் அதிகம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.