நால்வர் இயக்கும் பீரங்கி வண்டி

சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1960களின் நடுப்பகுதியில் வெளிவரத் தொடங்கிய பீரங்கி வண்டி 'விஜயந்தா'. அதனுள் நால்வர் பணியாற்றினர். ஓட்டுநர் வண்டியின் முன்பகுதியில் தனித்து அமர்ந்திருப்பார். ஏனைய மூவரும் மேலே சுழலும் கூண்டிற்குள் இருப்பர். பீரங்கியின் வலப்புறம் முன்னே சுடுநரும், அவருக்குப் பின்னே சற்று உயரத்தில் வண்டித் தலைவரும் அமர்வர். இடப்புறம் குண்டு ஏற்றுபவரின் இடம். நடுவே பீரங்கி மறைப்பதாலும் இயந்திர இரைச்சலாலும், அவர்கள் காதணிக் கருவியில் ஒலிக்கும் குரலாலேயே இணைந்திருந்தனர்.

சுடுநரின் தொலைநோக்கி தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும். ஆனால், அதில் தெரியும் பரப்பு மிகக் குறுகியது. எனவே, களம் முழுவதையும் நோட்டமிட்டு இலக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தலைவருடையது. எதிரியின் வண்டியொன்று தென்பட்டதும், எவ்வகைக் குண்டு, எத்திசை, எவ்வளவு தொலைவு என்பவற்றை அவர் வரிசையாகக் கூறுவார். ஓட்டுநரை வண்டியை நிறுத்தச் சொல்வதும் அவரே.

அந்த ஒரே ஆணையிலிருந்து மூவரின் பணிகளும் ஒருங்கே தொடங்கும். ஓட்டுநர் கூடியவரை மேடு மறைக்கும் இடத்தில் குலுங்காமல் வண்டியை நிறுத்துவார். சுடுநர் கூண்டைத் திருப்பி இலக்கைத் தம் தொலைநோக்கியின் குறியில் கொண்டுவருவார். குண்டு ஏற்றுபவர், ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள குண்டை எடுத்து, குழலின் பின்வாயில் செலுத்துவார். பின்வாய் மூடிக்கொண்டதும் அவர் விலகி நின்று, பாதுகாப்பு விசையை மாற்றி, "ஏற்றியாயிற்று" என அறிவிப்பார்.

அச்சொல் வெறும் தகவலன்று. சுட்டவுடன் பீரங்கியின் பின்பகுதி ஏறத்தாழ 30 செ.மீ. பின்னோக்கிப் பாயும், அவ்வழியில் கை இருந்தால் நசுங்கிவிடும். தம் உடல் அப்பாதையில் இல்லை என்பதற்கு அவர் தரும் உறுதியே அச்சொல். அது கேட்ட பின்னரே தலைவர் சுட ஆணையிடுவார். சுடுநரும் "சுடுகிறேன்" என உரக்க எச்சரித்த பிறகே விசையை அழுத்துவார்.

குண்டு இலக்குக்கு முன்னே விழுந்ததா, தாண்டிச் சென்றதா எனத் தலைவர் கவனித்துத் திருத்தம் சொல்வார். அதற்குள் அடுத்த குண்டு ஏற்றப்பட்டிருக்கும். தங்கள் வண்டி இருக்குமிடம் முதற்குண்டின் புகையாலும் ஒளியாலும் எதிரிக்குத் தெரிந்துவிடுவதால், ஓட்டுநரும் பின்னோக்கி நகர ஆயத்தமாக இருப்பார்.

பின்னாளில் ஆவடியில் உருவான டி-72 வண்டியில் குண்டு ஏற்றும் பணியை இயந்திரமே செய்வதால், மூவரே போதும், வண்டியும் சிறிதாகிறது. ஆனால், இரவுக் காவலையும் கழன்ற சங்கிலிப் பட்டையை மாட்டும் கடும் உழைப்பையும் அந்த மூவரே பகிர்ந்துகொள்ள வேண்டும். நான்காமவரின் கைகள் குண்டு ஏற்றுவதற்கு மட்டும் உரியனவல்ல என்பது அப்போதுதான் புலப்படும்.