ஐந்து மாதமா, 138 நாளா? அயலவர் துண்டில் வட்டிக் கணக்கு

மல்லாவிப் பக்கத்தில் காலபோக விதைப்புக்குக் காசு தேவைப்படும்போது பலர் முதலில் போவது அயல் வீட்டுக்குத்தான். வங்கிப் படிவமும் பிணையாளியும் தேவையில்லை. ஒரு கொப்பித் தாளில் துண்டு எழுதிக் கையெழுத்து வைத்தால் காசு கைக்கு வந்துவிடும். நெல் விற்ற கையோடு திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. ஆனால் அறுவடையும் நெல் விலையும் மாதக் கணக்குப் பார்த்து வருவதில்லை. கடன் நாலரை மாதத்திலோ, நாலு மாதமும் சில நாளும் கழித்தோ தீரும். அந்தச் சில நாட்களுக்கு வட்டி எவ்வளவு என்பதில்தான் நல்ல அயலவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போகிறார்கள்.

ஒரு கணக்கை உதாரணமாக எடுப்போம். 2024 ஒக்டோபர் 17 அன்று 75,000 ரூபா கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 வீதம். 2025 மார்ச் 4 அன்று காசு தயார். கொடுத்தவர் "ஐஞ்சு மாசம் எண்டு வைப்பம்" என்கிறார். அப்படியானால் வட்டி 7,500. வாங்கியவர் நாலரை மாதம் என்கிறார். அப்போது 6,750. இருவரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. துண்டில் நாள் கணக்கு எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

நாட்களை எண்ணினால் பிணக்குத் தீரும். கடன் கொடுத்த நாளை விட்டுவிட்டு, திருப்பிக் கொடுக்கும் நாளைச் சேர்த்து எண்ண வேண்டும். இலங்கையின் உண்டியல் கட்டளைச் சட்டமும் ஒரு சீட்டின் தவணை நாளைக் கணிக்க இதே முறையைத்தான் சொல்கிறது. ஒக்டோபரில் மிச்சம் 14, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச்சில் 4. மொத்தம் 138 நாள்.

இனி முதலை ஆண்டு வீதத்தாலும் நாட்களாலும் பெருக்கி, 100ஆலும் 365ஆலும் வகுக்க வேண்டும். 75,000க்கு ஓர் ஆண்டு வட்டி 18,000. அதை 138ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் 6,805 ரூபா 48 சதம். ஒரு நாளைய வட்டி ஏறத்தாழ 49 ரூபா. ஆகவே இரண்டு முனை நாட்களையும் சேர்த்து 139 என்று எண்ணினாலும், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தாலும் வித்தியாசம் நூறு ரூபாவைத் தாண்டாது. ஆனால் குறை மாதத்தை முழு மாதமாக்கினால் 695 ரூபா கூடிவிடுகிறது. கவனம் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

அதைவிடப் பெரிய பிழை இடையில் கொடுக்கும் காசில் நடக்கிறது. இதே கடனில் ஜனவரி 12 அன்று 30,000 ரூபா கொடுத்ததாக வைப்போம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கொடுத்த காசு முதலில் அதுவரை ஏறிய வட்டிக்கும் மிச்சம் முதலுக்கும் கழிபடும். ஜனவரி 12 வரை 87 நாள், வட்டி 4,290 ரூபா. மீதி 25,710 ரூபா முதலில் குறைகிறது. அன்றிலிருந்து முதல் 49,290 ரூபா மட்டுமே. மார்ச் 4 வரை இன்னும் 51 நாள், அதற்கு வட்டி 1,653 ரூபா. கடைசி நாளில் கொடுக்க வேண்டியது 50,943 ரூபா.

முழு 75,000க்கும் ஐந்து மாத வட்டி போட்டு, பிறகு 30,000ஐக் கழித்தால் 52,500 வரும். கூடுதலாகக் கேட்கப்படுவது 1,557 ரூபா. இடையில் காசு கொடுத்த திகதி துண்டில் இல்லாவிட்டால் இந்தப் பிழையை எவராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே பகுதிக் காசு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மூலத் துண்டின் பின்பக்கத்தில் திகதி, தொகை, மிச்ச முதல் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கைபேசியில் அதைப் படமெடுத்தும் வையுங்கள்.

துண்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காசு கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, கடனுக்காக எழுதும் வாக்குறுதிச் சீட்டில் மூன்று விபரங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்: உண்மையில் கடனாகப் பெற்ற முதல், முன்கூட்டியே கழித்த வட்டி அல்லது கட்டணம், ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை என்ற வட்டி வீதம். இவை இல்லாத சீட்டை வைத்துக் காசை அறவிட முடியாமல் போகலாம். ஏமாற்றும் நோக்கமின்றித் தவறுதலாக விடுபட்டது என்று நீதிமன்றம் ஏற்றால் மட்டும் விதிவிலக்கு. "இரண்டு வட்டி" என்று மட்டும் எழுதினால் கொடுத்தவருக்கும் ஆபத்து இருக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கலாம். தொகையை வெறுமையாக விட்ட சீட்டில் கையெழுத்து வாங்குவதை அதே சட்டம் குற்றமாக்குகிறது. எவ்வளவு நெருக்கமானவர் கேட்டாலும் வெற்றுத் துண்டில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இப்படி எழுதினால் போதும்:

"2024 ஒக்டோபர் 17ஆம் திகதி 75,000 (எழுபத்தையாயிரம்) ரூபாவைக் கடனாகக் கையில் பெற்றேன். முன்கூட்டிக் கழித்த வட்டி எதுவும் இல்லை. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24, தனிவட்டி. பெற்ற நாளை விட்டு, செலுத்தும் நாளைச் சேர்த்து, ஆண்டுக்கு 365 நாள் என்ற கணக்கில், முதல் மீதியாக உள்ள நாட்களுக்கு மட்டும் வட்டி செலுத்துவேன். 2025 மார்ச் 31க்கு முன் முழுவதையும் தீர்ப்பேன்."

கீழே இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, இரண்டு சாட்சிகள். ஒரே துண்டை இரண்டு பிரதியாக எழுதினால் எது மூலம் என்ற குழப்பம் வரும். மூலம் ஒன்றாக இருக்கட்டும், வாங்கியவர் அதன் நிழற்பிரதியை வைத்திருக்கட்டும்.

கடன் ஆண்டுக் கணக்கில் இழுபட்டாலும் வட்டிக்கு ஓர் எல்லை உண்டு. வட்டியாக அறவிடும் தொகை முதலை மிஞ்ச முடியாது என்பது இலங்கைச் சட்டம். 75,000க்கு வட்டியும் 75,000க்கு மேல் போகாது. வட்டி மிதமிஞ்சியது என்று கண்டால் முழுக் கொடுக்கல்வாங்கலையும் மீளத் திறந்து பார்க்கும் அதிகாரமும் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு உண்டு. கொடுத்தவரும் காலத்தைக் கவனிக்க வேண்டும். எழுதிய வாக்குறுதிக்கு ஆறு ஆண்டுகளுக்குள்ளும் வாய்ப்பேச்சுக் கடனுக்கு மூன்று ஆண்டுகளுக்குள்ளும் வழக்கு வைக்காவிட்டால் உரிமை காலங்கடந்து போகும்.

கணக்கு ஒத்துவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இந்தச் சபைகளில் கட்டணமும் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் இங்குதான் வர வேண்டும். துண்டின் பிரதியோடு, மேலே செய்ததுபோல் திகதி, நாட்கள், வட்டி, மிச்ச முதல் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு வழக்குத் தொடரலாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். கடன் வசூலிப்பது பொலிஸின் வேலை அல்ல. மிரட்டலோ அடியோ நடந்தால் அதற்குத்தான் பொலிஸ் முறைப்பாடு.

காசு தீரும் நாளில் நெல் விற்ற மகிழ்ச்சியில் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மூலத் துண்டைக் கையில் வாங்காமல் கடைசிக் காசைக் கொடுக்க வேண்டாம். வாக்குறுதிச் சீட்டு கைமாறக்கூடியது. தீர்ந்த கடனின் துண்டு வேறொருவர் கைக்குப் போனால் அவர் உங்களிடம் மீண்டும் கேட்டு வரலாம். துண்டு தொலைந்துவிட்டது என்றால், இந்தத் திகதியில் இத்தனை ரூபா பெற்றுக் கடன் முழுவதும் தீர்ந்தது என்று சாட்சியோடு எழுதி வாங்கிய பிறகே காசை எண்ணிக் கொடுங்கள்.