டேப் சுற்றியும் ஏன் சொட்டுகிறது?

புதுக் குழாய் மாட்டி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. சமையலறைத் தொட்டிக்கு மேலே, குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், பளபளக்கும் வட்டத் தகட்டின் அடியில் ஒரு சொட்டு தொங்குகிறது. துடைத்தால் சிறிது நேரத்தில் மறுபடி தொங்குகிறது. பிளம்பர் வெள்ளை டேப் சுற்றியதை வீட்டுக்காரம்மா கண்ணால் பார்த்தவர். ஒன்றிரண்டு அல்ல, பத்துச் சுற்று. பிறகு ஏன்?

இரண்டு மாடி வீடு, மொட்டை மாடியில் தொட்டி, தரைத்தளத்தில் அரை இன்ச் குழாய். தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் காணக்கூடிய அமைப்புதான். அன்று மாலை வீட்டுக்காரர் தாமே களத்தில் இறங்கினார். குழாயைக் கழற்றி, நசுங்கிக் கிடந்த பழைய டேப்பின் மேலேயே இன்னும் பத்துச் சுற்று ஏற்றித் திரும்ப முடுக்கினார். இரவில் தொட்டி நிறைந்ததும் சொட்டு, ஒழுக்காக மாறியது.

எங்கே தவறு நடந்தது என்று புரிய, அந்த டேப் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கடையில் டெஃப்லான் டேப் என்று கேட்டு வாங்குகிறோம். அதன் மூலப்பொருளை 1938இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஒட்டாத தோசைக்கல்லின் மேல்பூச்சும் இதே பொருள்தான். தோசை மாவே ஒட்டாத ஒன்று பித்தளையில் எப்படி ஒட்டும்? டேப் பசை அல்ல. அதற்கு இரண்டே வேலை. மரைகளுக்கிடையே மிஞ்சும் சுருள் வடிவ இடுக்கில் நசுங்கி அடைத்துக்கொள்வது ஒன்று. உலோகம் உலோகத்தோடு உரசிப் பிடிக்காமல் வழுக்கவிட்டு, குழாய் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இறுக உதவுவது மற்றொன்று. ஆக, நீரை நிறுத்துவது இறுக்கம். டேப் அதற்குத் துணை.

அந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், நீர்க்குழாய் இணைப்புக்கான முறையான வெளி மரை நேர் உருளை வடிவில் இருக்காது. நுனியில் சிறுத்து, உள்ளே போகப்போகப் பருக்கும். 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. பருமன் கூடும் என்பது கணக்கு. அரை இன்ச் மரையில் ஒரு முழுச் சுற்றுக்குக் குழாய் 1.8 மி.மீ. உள்ளே போகிறது, அதற்குள் பருமன் சுமார் 0.11 மி.மீ. கூடுகிறது. ஆப்பு அடிப்பதுபோலத்தான். கடையில் விற்கும் பல குழாய்களின் வால் மரை இப்படிச் சரியாமல் நேராகவே வெட்டப்பட்டிருக்கும். அங்கே ஆப்பின் உதவி குறைவு. டேப்பின் பொறுப்பு அதிகம்.

இந்த வீட்டில் நடந்தது இதுதான். முதல் பிளம்பர் குழாயை முடுக்கிக்கொண்டே வந்தார். நன்றாக இறுகியபோது குழாயின் வாய் நேர் கீழே பார்க்கவில்லை, கொஞ்சம் தாண்டிவிட்டது. கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், ஆறு மணியில் நிற்க வேண்டியது ஏழு மணிக்குப் போய்விட்டது. அப்படியே விட்டால் கோணலாகத் தெரியும். அவர் ஸ்பேனரால் லேசாகப் பின்னுக்குத் திருப்பி ஆறு மணிக்குக் கொண்டுவந்தார். பார்வைக்கு நேரானது. ஒழுக்கும் அந்த நொடியில் தொடங்கிவிட்டது.

நசுங்கிய டேப் ரப்பரைப் போல மீண்டு எழாது. அழுத்தியபோது எந்த வடிவத்துக்கு வந்ததோ அப்படியே படுத்துக்கிடக்கும். குழாயை அணுவளவு தளர்த்தினாலும் டேப்புக்கும் மரைக்கும் நடுவே முடியிழையைவிட மெல்லிய வழி திறந்துகொள்ளும். நீருக்கு அது போதும்.

அப்படியென்றால் பழைய பிளம்பர்கள் கூசாமல் திருப்பினார்களே? திருப்பினார்கள், அவர்கள் கையில் சணல் இருந்தது. இரும்புக் குழாய்க் காலத்தில் மரையில் சணல் நாரைச் சுற்றி, மேலே பசையோ பெயின்ட்டோ தடவி முடுக்குவார்கள். சணல் நீர் பட்டால் ஊதும். கொஞ்சம் பின்னால் திருப்பினாலும் ஊதி இடுக்கை நிரப்பிவிடும். சணல் போய் டேப் வந்தது. கைப்பழக்கம் மட்டும் போகவில்லை.

மூன்றாவது நாள் தெருக்கோடியிலிருந்து வயதான பிளம்பர் ஒருவர் வந்தார்.

“இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்களேன் அண்ணே” என்றார் வீட்டுக்காரம்மா.

“முழுசா ஒரு சுத்து சுத்தினாத்தான்மா மறுபடி கீழ பாக்கும். அவ்வளவு முறுக்குனா சுவத்துக்குள்ள இருக்கிற எல்போ வெடிச்சிடும். கழட்டித்தான் பண்ணணும்.”

கேட் வால்வை மூடி, குழாயைக் கழற்றினார். முதல் வேலை சுத்தம். பழைய டேப்பின் ஒவ்வொரு இழையையும் ஊசி முனையால் கிளப்பி, பழைய பல்துலக்கியால் மரையைத் தேய்த்தார். சுவரில் இருந்த உள் மரையிலும் டேப் துணுக்கு ஒட்டியிருந்தது, அதையும் எடுத்தார். பழைய டேப்பின் மேல் புது டேப் சுற்றினால், முடுக்கும்போது இரண்டும் சேர்ந்து வழித்துக்கொண்டு வெளியே சுருண்டுவிடும். பழையதும் புதியதுமாக இருபது சுற்றும் அப்படித்தான் தகட்டுக்குப் பின்னால் சுருட்டி நின்றது, மரைக்குள் ஒன்றுமில்லை. குழாயின் வால் மரை முலாம் பூசி வழவழப்பாக இருந்ததால், ஹேக்ஸா பிளேடால் குறுக்கே லேசாகக் கீறிவிட்டார். டேப் வழுக்காமல் பிடிக்க அந்தக் கீறல் உதவும்.

பிறகு டேப் இல்லாமலே குழாயைக் கையால் முடுக்கிப் பார்த்தார். நேராகப் போகிறதா, தடங்கல் இல்லாமல் சில சுற்று ஓடுகிறதா என்று அறிய இந்த ஒத்திகை. ஒரு சுற்றிலேயே முரண்டு பிடித்து, குழாய் சாய்ந்து நின்றால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். அங்கே எவ்வளவு டேப் சுற்றினாலும் நிற்காது.

அடுத்தது டேப். குழாயின் மரை முனை தம் முகத்தைப் பார்க்கும்படி இடது கையில் பிடித்துக்கொண்டார். நுனியில் முதல் மரையைச் சும்மா விட்டார்; அதையும் மூடினால் டேப் பிசிறு நீரோடு உள்ளே போய் குழாயின் சல்லடையில் அடைக்கும். இரண்டாவது மரையிலிருந்து, பாட்டில் மூடியைத் திருகி மூடும் திசையிலேயே சுற்றத் தொடங்கினார். அந்தத் திசையில் சுற்றினால், முடுக்கும்போது சுவரின் மரை டேப்பின் வாலை இன்னும் இழுத்துப் படியவைக்கும். எதிர்த்திசையில் சுற்றியிருந்தால் அதே உராய்வு டேப்பை அவிழ்த்துவிடும். ஒழுகும் இணைப்பைக் கழற்றும்போது டேப் வளையமாக வெளியே ஒதுங்கிக் கிடந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தத் திசையைத்தான்.

சுற்றும்போது டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடியபடி நகர்ந்தது. மேலே பார்த்தால் வெள்ளைத் துணிக்கடியில் விலா எலும்பு தெரிவதுபோல மரையின் வரிகள் தெரிய வேண்டும். வரி தெரியாமல் மொழுமொழுவென்று உருண்டிருந்தால் டேப் தளர்ச்சியாக இருக்கிறது, அல்லது அளவுக்கு மிஞ்சிவிட்டது. முடிவில் கத்தரிக்கோல் தேவைப்படவில்லை. வெடுக்கென்று இழுத்து அறுத்து, வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் படியவைத்தார்.

எத்தனை சுற்று? இதற்கு ஒரே எண் கிடையாது. 12 மி.மீ. அகலமும் 0.075 மி.மீ. தடிமனும் உள்ள சாதாரண டேப்பில், சரிவு மரை நன்றாகப் பொருந்தும் இணைப்புக்கு ஐந்தாறு சுற்று போதும். மரை தொளதொளப்பாக இருந்தாலோ டேப் மிக மெல்லியதாக இருந்தாலோ பத்து, பன்னிரண்டு வரை போகலாம். இந்தச் சுற்று எண்ணிக்கைதான் குழாய் எந்தத் திசையில் இறுகும் என்பதையும் தீர்மானிக்கிறது. டேப் கூடினால் முன்னதாகவே இறுகும். குறைந்தால் இன்னும் தள்ளிப்போய் இறுகும். பத்துச் சுற்றுக்கு ஏழு மணியில் இறுகிய குழாய்க்கு, பெரியவர் பன்னிரண்டு சுற்று போட்டார். இம்முறை நாலு மணி வாக்கிலேயே நல்ல பிடிப்பு வந்தது. அங்கிருந்து ஸ்பேனரால் முன்னோக்கியே அழுத்தி ஆறு மணியில் நிறுத்தினார். ஒருவேளை தாண்டியிருந்தால்? கழற்றி, டேப்பை உரித்து, முதலிலிருந்து. டேப்பின் விலையைப் பார்த்தால் அந்தச் சிக்கனம் தேவையே இல்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து, இரண்டாம் முறையும் சொட்டினால் டேப்பை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தேட வேண்டும். அதற்குப் பிளம்பர்களிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. குழாய்க்குப் பதிலாக அதே அளவு எண்ட் பிளக் ஒன்றில் டேப் சுற்றிச் சுவரில் முடுக்குவது. பிளக்குக்கு மேல், கீழ் என்ற திசை இல்லை. அதனால் சரியான இறுக்கத்தில் நிறுத்தலாம். தொட்டி நிறைந்திருக்கும்போது பிளக் ஒழுகாவிட்டால் சுவர் மரை நல்லது. கோளாறு குழாயின் மரையில். குழாயை மாற்றினால் போதும். பிளக்கும் ஒழுகினால் சுவருக்குள் இருக்கும் எல்போவில் வெடிப்போ, தேய்ந்த மரையோ இருக்கிறது. முடுக்க முடுக்க ஒழுக்கு கூடுவது வெடிப்புக்கு அடையாளம். உள்ளே பித்தளை மரை பதிக்காத வெறும் பிளாஸ்டிக் எல்போவில் உலோகக் குழாயைக் கனத்த டேப்போடு முறுக்கினால் இது அடிக்கடி நடக்கும். டேப்பும் ஆப்பாகிப் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். அப்போது சுவரைக் கொத்துவதைத் தவிர வழியில்லை.

டேப்புக்கே வேலை இல்லாத இணைப்புகளும் உண்டு. வாஷ்பேசினுக்கும் கீசருக்கும் போகும் வளையும் கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். அங்கே நீரை அடைப்பது அந்த வாஷர். மரை வெறும் பிடிமானம். அந்த மரையில் டேப் சுற்றினால், வாஷர் சரியாகப் படியவிடாமல் தடுக்கத்தான் செய்யும். ஒழுகினால் வாஷரை மாற்ற வேண்டும்.

பெரியவர் வேலையை முடித்து, வட்டத் தகட்டைச் சுவரோடு ஒட்டாமல் விரலளவு முன்னால் இழுத்துவிட்டார். இணைப்பைச் சுற்றி ஒரு காகிதக் கைக்குட்டையை மடித்துச் செருகி, “மோட்டார் போட்டு டேங்க் ரொம்பட்டும். காலையில பேப்பர் நனைஞ்சிருந்தா கூப்பிடுங்கம்மா” என்று கிளம்பினார். மாடித் தொட்டி தலைக்கு மேல் ஏழு மீட்டரில் இருந்தால், நிறைந்திருக்கும்போது ஒரு சதுர செ.மீ. பரப்பில் சுமார் முக்கால் கிலோ அழுத்தம் இருக்கும். மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரம்மா முதலில் தொட்டுப் பார்த்தது காபி டபராவை அல்ல, அந்தக் காகிதத்தை. காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது.