தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா?

வட்டி விகிதம் உயர்ந்த பின்னரும் வீட்டுக் கடனின் மாதத் தவணை மாறாமல் இருந்தால், சுமை நம்மைத் தொடாமல் போய்விட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அச்சுமை தவணைத் தொகையில் ஏறாமல், தவணைகளின் எண்ணிக்கையில் ஏறியிருக்கக்கூடும். எத்தனை மாதங்கள் ஏறியுள்ளன என்பதை அறியாமல் இருப்பதே இதிலுள்ள இடர்.

2019 அக்டோபர் முதல் வங்கிகள் தனிநபர்களுக்கு வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ விகிதம் போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்கப்படுகின்றன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் வட்டி மறுநிர்ணயம் செய்யப்பட வேண்டும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், ஆறு படிகளில் உயர்ந்து 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதத்தை எட்டியது. இந்த 2.50 சதவீத உயர்வு ஒரு குடும்பத்தின் கணக்கில் என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

புனேயில் அடுக்ககம் வாங்கிய 40 வயது ஊழியர் ஒருவர், 2022 ஜனவரியில் 30 லட்சம் ரூபாய் கடன் பெற்றதாகக் கொள்வோம். வட்டி 7 சதவீதம். காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை 23,259 ரூபாய். ஓய்வு பெறும் 60ஆம் வயதில் கடன் முடிந்துவிடும் என்பது அவரது திட்டம். பன்னிரண்டு தவணைகளுக்குப் பின் அசல் பாக்கி சுமார் 29,28,600 ரூபாய். கணக்கின் எளிமைக்காக, வட்டி முழுவதும் அப்போது ஒரே முறையில் 9.50 சதவீதமாக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம்.

இனி அவரது கடனுக்கு மாத வட்டி மட்டும் 23,185 ரூபாய். அவர் செலுத்தும் தவணையோ 23,259 ரூபாய். அசலைக் குறைக்க எஞ்சுவது வெறும் 74 ரூபாய்! தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் நீட்டினால், இக்கடன் தீர 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டி இன்னும் கால் சதவீதம் உயர்ந்திருந்தால் தவணை வட்டிக்கே போதாது. மீதி வட்டி அசலில் சேர்ந்து, ஒழுங்காகத் தவணை செலுத்தியும் கடன் வளரத் தொடங்கும். காலநீட்டிப்பு இந்நிலைக்கு இட்டுச்செல்லக் கூடாது என இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகக் கூறுகிறது.

ஆகவே இவர் தவணையை ஓரளவேனும் உயர்த்தியே ஆக வேண்டும். எவ்வளவு என்பதே கேள்வி. மீதமுள்ள 228 மாதங்களிலேயே கடனை முடிக்க வேண்டுமானால் தவணை 27,788 ரூபாயாகும். அதாவது மாதம் 4,529 ரூபாய் கூடுதல். காலத்தை ஐந்து ஆண்டுகள் நீட்டினால் தவணை 25,853 ரூபாய். பத்து ஆண்டுகள் நீட்டினால் 24,778 ரூபாய்.

இந்த மூன்று தொகைகளையும் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம். முதல் ஐந்து ஆண்டு நீட்டிப்பு மாதத்திற்கு 1,935 ரூபாய் இறக்கம் தருகிறது. ஆனால் கடன் முடியும்வரை செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய் கூடுகிறது. அடுத்த ஐந்து ஆண்டுகள் தரும் இறக்கம் மேலும் 1,075 ரூபாய் மட்டுமே. அதற்கான விலையோ மேலும் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். அன்றியும், பத்து ஆண்டு நீட்டிப்பில் ஓய்வூதியக் காலத்திலும் 120 தவணைகள் காத்திருக்கும். அத்தகைய நீட்டிப்பை வங்கியின் வயது வரம்பு அனுமதிக்காமலும் போகலாம்.

இதே வட்டி உயர்வு எல்லோரையும் இப்படித் தாக்குவதில்லை. இதே 23,259 ரூபாய்த் தவணையை, 7 சதவீத வட்டியில், இன்னும் 8 ஆண்டுகளே செலுத்த வேண்டிய ஒருவரை எண்ணிப்பாருங்கள். அவரது பாக்கி சுமார் 17,06,000 ரூபாய். 9.50 சதவீதத்தில் மாத வட்டி 13,506 ரூபாய். அசலுக்கு 9,753 ரூபாய் எஞ்சுகிறது. தவணையை மாற்றாவிட்டால் அவருக்குக் கூடுவது 14 மாதங்கள் மட்டுமே. காலத்தை மாற்றாமல் தவணையை உயர்த்தினால் மாதம் 2,179 ரூபாய் கூடும். இரு வழிகளுக்கும் மொத்தச் செலவில் வேறுபாடு ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் போன்ற நெருக்கடி இருக்குமானால், இவர் காலநீட்டிப்பைத் தேர்வதில் தவறில்லை.

இவ்விருவரையும் வேறுபடுத்துவது தவணையில் வட்டியின் பங்கே. அதை நீங்களே கணக்கிடலாம். அசல் பாக்கியைப் புதிய வட்டி விகிதத்தால் பெருக்கி 1200 ஆல் வகுத்தால் ஒரு மாத வட்டி கிடைக்கும். அது தவணையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 9.50 சதவீத வட்டியில், அப்பங்கு 80 சதவீதமானால் கடன் தீர சுமார் 204 மாதங்கள் ஆகும்; 90 சதவீதமானால் 292 மாதங்கள்; 95 சதவீதமானால் 380 மாதங்கள். 90 சதவீதத்தைத் தாண்டினால், காலநீட்டிப்பை மட்டும் நம்பியிருப்பது நன்றன்று.

இதுவரை வசூலிக்கப்பட்ட அசல், மீதமுள்ள தவணைகள், வட்டி விகிதம் ஆகியவை அடங்கிய அறிக்கையைக் காலாண்டுதோறும் வங்கி வழங்க வேண்டும் என்பதும் மேற்சொன்ன சுற்றறிக்கையின் விதியே. வட்டி மறுநிர்ணயத்தின்போது தவணையை உயர்த்தவோ, காலத்தை நீட்டவோ, இரண்டையும் கலந்து கொள்ளவோ, ஒரு பகுதியை முன்கூட்டிச் செலுத்தவோ வாடிக்கையாளருக்கு வாய்ப்பு உண்டு. உங்கள் விருப்பத்தை எழுத்து வடிவில் கிளையில் அளித்து, ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். தவணை வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படுமானால், அதற்கு நீங்கள் வழங்கிய அனுமதியின் உச்சவரம்பு புதிய தவணைக்குப் போதுமா என்பதையும் பாருங்கள். போதாவிட்டால் கணக்கில் பணம் இருந்தும் தவணை திரும்பிவிடும்.

கையில் சிறிது சேமிப்பு உள்ளவருக்கு முன்கூட்டிச் செலுத்துதல் பெரிதும் உதவும். தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு இதற்கெனக் கட்டணம் கிடையாது. நம் புனே ஊழியர் ஒரு லட்சம் ரூபாயை அசலில் செலுத்தினால், பழைய தவணையிலேயே 60 ஆண்டு என்பது 35 ஆண்டுகளாகக் குறையும். பழைய தவணையிலேயே 60ஆம் வயதில் கடனை முடிக்க வேண்டுமானால், சுமார் 4.77 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். அவ்வளவு இயலாதபோது, ஒரு பகுதியைச் செலுத்தி, தவணையையும் சற்று உயர்த்திக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற வழி.

2025இல் ரெப்போ விகிதம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. உயர்ந்த தவணையை ஏற்றுக்கொண்டவர்கள் அதைக் குறைக்காமல் தொடர்ந்தால், விடுபடும் வட்டி முழுவதும் அசலைக் கரைக்கும். காலத்தை நீட்டியவர்களோ, கூடிய மாதங்களுள் எத்தனை குறைந்துள்ளன என்பதை அடுத்த காலாண்டு அறிக்கையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.