இருபத்தைந்து என்றால் இருபத்தைந்து அல்ல

பயிற்சிக்கு வந்த மெக்கானிக்கல் மாணவரின் கையில் ஒரு ஷாஃப்ட் ட்ராயிங். அதில் Ø25 g6 என்று இருக்கிறது. விட்டம் 25 மி.மீ. என்று படித்துவிட்டு அதே அளவுக்குக் கடைந்தால், ஷாஃப்ட் பாஸ் ஆகாது.

சின்ன g, அளவு 25-க்குக் கீழேதான் நிற்க வேண்டும் என்கிறது; 6, எவ்வளவு விலகலாம் என்கிறது. அட்டவணையைப் பார்த்தால் 24.980 முதல் 24.993 வரை. அதாவது 13 மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமன்கூட இதைவிட அதிகம். இது நுழையும் H7 துளை 25.000-க்கும் 25.021-க்கும் நடுவில் இருக்கும். ஆகவே எந்த ஷாஃப்ட்டை எந்தத் துளையில் போட்டாலும் குறைந்தது 7 மைக்ரான் இடம் மிஞ்சும், ஷாஃப்ட் சுழலும்.

மாணவர் எடுப்பது வெர்னியர். அது 0.02 மி.மீ. படிகளில்தான் காட்டும், அனுமதித்த இடைவெளியே அதைவிடச் சிறியது! மைக்ரான் காட்டும் மைக்ரோமீட்டர்தான் இங்கே வேண்டும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. லேத்திலிருந்து சுடச்சுட எடுத்த ஷாஃப்ட் 24.984 காட்டுகிறது, பாஸ். ஆனால் ட்ராயிங்கின் அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கானவை. எஃகு ஷாஃப்ட் 20 டிகிரி ஆறினால் ஏறத்தாழ 6 மைக்ரான் சுருங்கி 24.978 ஆகிவிடும், ரிஜெக்ட். அளவு கூடினால் இன்னொரு முறை கடையலாம். குறைந்தால் ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் மேல் எல்லையை ஒட்டியே நிறுத்துகிறார்கள்.